பக்கத்துப் பிட்டைத் தொடாமல்

கையில் அடங்கும் அளவுள்ள, விலை குறைந்த, இந்திய மொழிகளில் பேசவும் எழுதவும் கூடிய ஒரு கணினியை உருவாக்கும் நோக்கத்தோடு, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் அதே நகரின் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். 2001இல் முன்மாதிரியாகக் காட்டப்பட்டு, 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வழியாக ‘அமிடா’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்தக் கருவியின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதன் உள்ளே லினக்ஸ் இயங்கு தளத்தைச் சுமந்த சில்லு, அதாவது இன்டெல் நிறுவனத்தின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110, அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சி மொழியில் வன்பொருளைக் கையாளக் கற்பவருக்கு அந்தச் சில்லு இன்றும் நல்ல ஆசிரியர். ஏனெனில் ஒரு பிட்டை மாற்றும்போது அதன் பக்கத்துப் பிட்டுகள் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கான மூன்று வெவ்வேறு ஒழுங்குகள் அதன் ஒரே பகுதிக்குள், 32 பைட் இடைவெளிக்குள், அருகருகே அமைந்திருக்கின்றன.

எஸ்ஏ-1110 சில்லில் பொதுப் பயன்பாட்டுக்கென 28 முனைகள் உண்டு. ஒரு முனையோடு சிறுவிளக்கையோ பொத்தானையோ வேறொரு சில்லையோ இணைத்து, அதை உள்ளீடாகவோ வெளியீடாகவோ நிரலின் வழியே அமைத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பைச் சில்லுக்குள் இருக்கும் பதிவகங்கள் தீர்மானிக்கின்றன. பதிவகம் என்பது நினைவகத்தைப் போலவே ஒரு முகவரியில் அமர்ந்திருந்தாலும், அதில் எழுதப்படும் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும், ஒரு மின்சுற்றின் நிலையை நேரடியாக மாற்றும் இடமாகும். 0x90040000 என்ற முகவரியிலிருந்து தொடங்கி எட்டுப் பதிவகங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் 32 பிட் அகலம் கொண்டது. ஒவ்வொன்றிலும் 0 முதல் 27 வரையிலான பிட்டுகள் அதே எண்ணுள்ள முனைகளைக் குறிக்கின்றன.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 17ஆம் முனையை மட்டும் மாற்ற வேண்டும் என்றாலும், பதிவகத்தின் 17ஆம் பிட்டை மட்டும் தனியே எழுத அந்தச் செயலியில் கட்டளை கிடையாது. எழுதினால் 32 பிட்டுகளையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆகவே, மாறக் கூடாத 31 பிட்டுகளுக்கும் அவற்றின் பழைய மதிப்பையே திரும்ப எழுதும் பொறுப்பு நிரலர் மீது விழுகிறது.

முனைகளின் திசையை வைத்திருக்கும் `GPDR` என்ற பதிவகத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு பிட் 1 ஆக இருந்தால் அந்த முனை வெளியீடு, 0 ஆக இருந்தால் உள்ளீடு. முகவரி மாற்றம் ஏதும் இல்லாத தொடக்க நிலை நிரலில் இந்தப் பதிவகத்துக்குச் சி மொழியில் இவ்வாறு பெயர் சூட்டலாம்:

```c
#define GPDR (*(volatile unsigned long *)0x90040004)
#define LED  (1UL << 17)
```

முதல் வரியில் வரும் `volatile` என்ற சொல், இந்த இடத்தின் மதிப்பு நிரலுக்குத் தெரியாமலும் மாறக்கூடும் என்றும், எனவே ஒவ்வொரு படித்தலையும் ஒவ்வோர் எழுதுதலையும் சொன்னபடியே செய்ய வேண்டும் என்றும் கம்பைலருக்குத் தெரிவிக்கிறது. அது இல்லாவிட்டால், பயனற்றவை என்று தான் கருதும் எழுதுதல்களைக் கம்பைலர் நீக்கிவிடலாம். இரண்டாம் வரி, 1 என்ற எண்ணை இடப்பக்கமாக 17 இடம் நகர்த்தி, 17ஆம் இடத்தில் மட்டும் 1 உள்ள 0x00020000 என்ற எண்ணைத் தருகிறது. எந்தப் பிட்டின் மீது வேலை நடக்க வேண்டும் என்பதைச் சுட்டும் இத்தகைய எண்ணே மாஸ்க் எனப்படுகிறது. வெறும் `1` என்று எழுதாமல் `1UL` என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. குறியுள்ள முழு எண்ணாகிய 1ஐ 31 இடம் நகர்த்தினால் அது குறிக்குரிய பிட்டின் மீது விழுகிறது. அதன் விளைவு என்னவென்று சி மொழியின் தரவரையறை உறுதி கூறுவதில்லை.

ஒரு கருவியில் 17ஆம் முனையில் சிறுவிளக்கு இருப்பதாகவும், 2 முதல் 9 வரையிலான முனைகள் திரைக்குச் செல்வதாகவும் கொண்டு கணக்கிட்டால் செய்தி தெளிவாகும். இது சிம்ப்யூட்டரின் சுற்றுப்படம் அன்று, விளக்கத்துக்கான அமைப்பு. ஆயினும் எஸ்ஏ-1110 சில்லில் திரைத் தரவின் மேல் எட்டுத் தடங்கள் 2 முதல் 9 வரையிலான முனைகளையே பயன்படுத்துகின்றன என்பதும், அதற்காக அவற்றின் திசைப் பிட்டுகள் 1 ஆக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. அப்போது `GPDR` இன் மதிப்பு 0x000003FC. விளக்கின் முனையை வெளியீடாக மாற்ற நினைக்கும் ஒருவர் `GPDR = LED;` என்று எழுதிவிட்டால், 17ஆம் பிட் 1 ஆவது உண்மையே. ஆனால் கூடவே திரையின் எட்டு முனைகளும் உள்ளீடாகிவிடுகின்றன, விளக்குக்கான நிரல் ஓடிய அந்தக் கணத்திலேயே திரையின் நிறங்கள் குலைகின்றன. திரையின் நிரலில் பிழையைத் தேடி அவர் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் அங்கே அது கிடைக்காது. ஒரு பகுதியின் நிரல் ஓடும்போது அதற்குத் தொடர்பில்லாத வேறொரு பகுதி கெடுவது, இரண்டும் பங்கிடும் பதிவகத்தில் யாரோ முழு மதிப்பை எழுதிவிட்டனர் என்பதற்கான நம்பகமான அடையாளம்.

சரியான வழி மூன்று பிட்நிலைச் செயற்குறிகளில் அடங்கியுள்ளது:

```c
GPDR |= LED;    /* 1 ஆக்கு */
GPDR &= ~LED;   /* 0 ஆக்கு */
GPDR ^= LED;    /* புரட்டு */
```

`|` என்ற செயற்குறி, இரு எண்களின் ஒத்த இடங்களில் ஏதேனும் ஒன்றில் 1 இருந்தால் விடையில் 1 இடுகிறது. எந்தப் பிட்டும் 0 உடன் இவ்வாறு சேரும்போது தன் மதிப்பில் மாறாமலும், 1 உடன் சேரும்போது கட்டாயம் 1 ஆகவும் வெளிவருவதால், மாஸ்க்கில் 0 உள்ள 31 இடங்களும் காக்கப்படுகின்றன. 0x000003FC என்பது 0x000203FC ஆகிறது. `&` என்பது இரண்டிலும் 1 இருந்தால் மட்டுமே 1 தருவதால், அங்கே காக்கும் எண் 1, அழிக்கும் எண் 0; எனவே மாஸ்க்கின் எல்லாப் பிட்டுகளையும் எதிர்மாறாக்கும் `~` செயற்குறியால் அதை முதலில் 0xFFFDFFFF ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. `^` என்பது இரு பிட்டுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தருகிறது; ஆகவே மாஸ்க்கில் 0 உள்ள இடம் அப்படியே நிற்க, 1 உள்ள இடம் புரளுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் `|` இருக்கும் இடத்தில் கூட்டலையும் பயன்படுத்தலாம் போலத் தோன்றும். பிட் முன்பு 0 ஆக இருந்தால் விடையும் ஒன்றே. ஆனால் 17ஆம் பிட் ஏற்கெனவே 1 ஆக இருக்கும்போது `GPDR += LED` என்று எழுதினால், 0x000203FC என்பது 0x000403FC ஆகிறது: மிகுதி அடுத்த இடத்துக்குத் தாவி, 17ஆம் பிட் 0 ஆகவும் தொடர்பற்ற 18ஆம் பிட் 1 ஆகவும் மாறிவிடுகின்றன. பிட்நிலைச் செயற்குறிகளில் மிகுதி என்பதே இல்லை. ஒவ்வோர் இடமும் தனக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பிட்டுகளுக்கான பாதுகாப்பு முழுவதும் இந்தப் பண்பிலிருந்தே வருகிறது. `~` என்பதற்குப் பதிலாக `!` என்று எழுதிவிடும் தவறு இதைவிடக் கொடியது. `!LED` என்பதன் மதிப்பு 0. அதோடு `&` செய்தால் பதிவகத்தின் அனைத்துப் பிட்டுகளும் அழிந்து, எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் உள்ளீடாகிவிடும். கம்பைலரோ இதைப் பிழையெனக் கருதாது.

ஸ்ட்ராங்ஆர்மின் கட்டளைத் தொகுதி இந்த மூன்று செயல்களுக்கும் நேராக மூன்று கட்டளைகளைத் தருகிறது. எதிர்மாறாக்கியபின் `&` செய்வதைக்கூட ஒரே கட்டளையில் முடிக்கும் `bic` அதில் உண்டு. எனினும் அவை செயலிக்குள் இருக்கும் எண்களின் மீது மட்டுமே இயங்கும், முகவரி வழியே அணுகப்படும் இத்தகைய பதிவகத்தை நேரடியாகத் தொட அவற்றால் இயலாது. எனவே `GPDR |= LED;` என்ற ஒற்றை வரி, இயந்திர மொழியில் மூன்று படிகளாகப் பிரிகிறது:

```
ldr r1, [r0]
orr r1, r1, #0x20000
str r1, [r0]
```

முதல் கட்டளை பழைய மதிப்பைப் படிக்கிறது, இரண்டாவது அதை மாற்றுகிறது, மூன்றாவது திரும்ப எழுதுகிறது. படித்தபின் எழுதும்வரை உள்ள இந்தச் சிறு இடைவெளியில் ஒரு குறுக்கீடு நேரலாம். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவைத்துவிட்டு வெளி நிகழ்வொன்றைக் கவனிக்கச் செயலி தாவலாம். முதன்மை நிரல் 0x000003FC என்று படித்து முடித்த நேரத்தில் குறுக்கீடு வந்து, அதைக் கையாளும் நிரல் 20ஆம் முனையை வெளியீடாக்கினால், பதிவகம் 0x001003FC ஆகிறது. பிறகு முதன்மை நிரல் விட்ட இடத்தில் தொடர்ந்து, தன்னிடமிருந்த பழைய மதிப்பில் 17ஆம் பிட்டைச் சேர்த்து 0x000203FC என்று எழுதுகிறது. 20ஆம் பிட் தடமின்றி அழிந்துவிட்டது. மாஸ்க் சரி, செயற்குறி சரி, இரண்டு நிரல்களும் தனித்தனியே சரி; இருந்தும் பக்கத்துப் பிட் கெட்டது. `volatile` இதைத் தடுக்காது, ஏனெனில் அது கம்பைலரைக் கட்டுப்படுத்துகிறதே அன்றி மூன்று படிகளையும் ஒன்றாக இணைப்பதில்லை.

இந்த வகைப் பிழை மணிக்கணக்கில் வெளிப்படாமல் இருந்துவிட்டு ஒருமுறை தலைகாட்டும். பிழைதேடும் கருவியால் நிரலை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், நேரப் பொருத்தம் மாறிவிடுவதால் பெரும்பாலும் தோன்றவே செய்யாது. லினக்ஸில் `local_irq_save`, `local_irq_restore` என்ற இணையால், ஒரே செயலி கொண்ட இத்தகைய கருவியில் அந்த மூன்று படிகளின்போது மட்டும் குறுக்கீடுகளை நிறுத்திவைப்பது இதற்கான தீர்வு. திசைப் பதிவகம் கருவி தொடங்கும்போது ஒருமுறை அமைக்கப்படுவதோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுவதால், அந்தச் சிறு நிறுத்தம் அங்கே பாரமாவதில்லை.

முனையின் மின்மட்டமோ நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற வேண்டியிருக்கலாம். அதனால்தான் எஸ்ஏ-1110இன் வடிவமைப்பாளர்கள் மின்மட்டத்துக்கு வேறோர் ஒழுங்கைத் தேர்ந்தெடுத்தனர். `GPSR` என்ற பதிவகத்தில் எந்த இடத்தில் 1 எழுதப்படுகிறதோ அந்த முனை உயர் மட்டத்துக்குச் செல்லும். `GPCR` இல் எந்த இடத்தில் 1 எழுதப்படுகிறதோ அந்த முனை தாழ் மட்டத்துக்கு இறங்கும். இரண்டிலும் 0 எழுதப்பட்ட இடங்களுக்கு எதுவும் நேராது. பக்கத்துப் பிட்டுகளைக் காக்கும் வேலையைச் சில்லே ஏற்றுக்கொண்டதால், முன்பு பெருந்தவறாக இருந்த நேரடி ஒப்படைப்பே இங்கே சரியான வடிவம்:

```c
GPSR = LED;
GPCR = LED;
```

படிக்கும் படி இல்லாததால் குறுக்கீடு நுழைய இடைவெளியும் இல்லை. பழக்கத்தால் `GPSR |= LED;` என்று எழுதுவது பயனற்றது மட்டுமன்று, தவறும்கூட. எழுதுவதற்கு மட்டுமே உரிய அந்தப் பதிவகத்தைப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, கிடைத்த குப்பையில் உள்ள ஒவ்வொரு 1உம் ஏதோ ஒரு முனையை உயர்த்திவிடும்.

புரட்டுவதற்கென்று இந்தச் சில்லில் தனிப் பதிவகம் இல்லை. மின்மட்டத்தைக் காட்டும் `GPLR` படிப்பதற்கு மட்டுமே உரியது என்பதால், `GPLR ^= LED` என்பதும் பலிக்காது. நிலையைச் சோதித்து, அதற்கேற்ப இரண்டில் ஒன்றில் எழுத வேண்டியிருக்கிறது:

```c
if ((GPLR & LED) != 0)
    GPCR = LED;
else
    GPSR = LED;
```

உள் அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது. சி மொழியில் `!=` என்ற ஒப்பீடு `&` ஐ முந்திக்கொள்ளும் என்பதால், அது இல்லாவிட்டால் முதலில் `LED != 0` கணிக்கப்பட்டு, 17ஆம் முனைக்குப் பதிலாக 0ஆம் முனை சோதிக்கப்படும். இந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. `GPLR` காட்டுவது நிரல் கடைசியாகக் கேட்ட மட்டத்தை அன்று, முனையில் உண்மையாக உள்ள மட்டத்தை. முனையில் சுமை அதிகமாகி, உயர்த்தச் சொல்லியும் மின்னழுத்தம் உயராமல் கிடந்தால், நிரல் ஒவ்வொரு முறையும் அது தாழ்ந்திருப்பதாகவே கண்டு உயர்த்தச் சொல்லிக்கொண்டே இருக்கும், புரட்டல் நின்றுபோகும். நிரல் கேட்டதை அறிய வேண்டுமானால் நினைவகத்தில் அதற்கொரு நகலை வைத்துக்கொள்வதே வழி. இன்டெல் இதே சில்லுக்காக வெளியிட்ட அஸபெட் என்ற சோதனைப் பலகையில், படிக்கவே இயலாத ஒரு கட்டுப்பாட்டுப் பதிவகம் இருந்தது. லினக்ஸ் நிரல் அதன் மதிப்பை ஒரு மாறியில் நகலாக வைத்து, குறுக்கீடுகளை நிறுத்தி, அந்த நகலில் மாஸ்க் செய்து, பிறகு முழுவதையும் பதிவகத்தில் எழுதியது.

மூன்றாவது ஒழுங்குதான் மிகுந்த கவனம் கேட்பது. ஒரு முனையின் மட்டம் ஏறியதா இறங்கியதா என்பதைச் சில்லே கண்காணித்து, அதற்குரிய பிட்டை `GEDR` என்ற நிகழ்வுப் பதிவகத்தில் 1 ஆக்கிவைக்கிறது. கவனித்தாயிற்று என்று தெரிவிக்க அந்தப் பிட்டை அழிக்க வேண்டும். ஆனால் இங்கே 1 எழுதினால்தான் பிட் அழியும், 0 எழுதினால் அப்படியே நிற்கும். 11 முதல் 27 வரையிலான முனைகள் அனைத்தும் ஒரே குறுக்கீட்டைப் பங்கிடுவதால், ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் ஒருசேரக் காத்திருப்பது இயல்பு. 12ஆம், 15ஆம் முனைகளில் நிகழ்வுகள் காத்திருக்கும்போது `GEDR` இன் மதிப்பு 0x00009000. 15ஆம் நிகழ்வை மட்டும் அழிக்க நினைத்து ஒருவர் `GEDR |= 1UL << 15;` என்று எழுதினால், படிக்கப்பட்ட 0x9000 உடன் 0x8000 சேர்ந்து மீண்டும் 0x9000 ஆகி எழுதப்படுகிறது. இரண்டு நிகழ்வுகளும் அழிந்துபோகின்றன, 12ஆம் முனையில் இருந்தது பொத்தானானால் அந்த அழுத்தம் யாருக்கும் தெரியாமல் தொலைந்துவிடுகிறது. அழிப்பதற்கு `&` தானே முறை என்று கருதி `GEDR &= ~(1UL << 15);` என்று எழுதினால் விளைவு தலைகீழாகிறது. எழுதப்படுவது 0x1000; எனவே கவனிக்கப்படாத 12ஆம் நிகழ்வு அழிய, அழிய வேண்டிய 15ஆம் நிகழ்வு நிற்கிறது, குறுக்கீட்டிலிருந்து திரும்பியவுடனே அதே குறுக்கீடு மறுபடி எழுந்து, கருவி உறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. எப்போதாவது காணாமல் போகும் அழுத்தங்கள் முதல் தவறையும், முதல் நிகழ்விலேயே உறையும் கருவி இரண்டாம் தவறையும் காட்டிக்கொடுக்கும். சரியானது `GEDR = 1UL << 15;` என்ற எளிய ஒப்படைப்பே.

லினக்ஸின் எஸ்ஏ-1100 குடும்பத்துக்கான குறுக்கீட்டு நிரல் இந்தப் பண்பை அழகாகப் பயன்படுத்தியது. பங்கிட்ட குறுக்கீடு வந்ததும் அது பதிவகத்தை ஒருமுறை படித்து, 0xFFFFF800 என்ற மாஸ்க்கால் 11ஆம் பிட்டும் அதற்கு மேலுள்ளவையும் மட்டும் நிற்கும்படி வடிகட்டி, கிடைத்த அதே எண்ணை உடனே திரும்ப எழுதிவிடுகிறது:

```c
mask = GEDR & 0xfffff800;
GEDR = mask;
```

படித்தபோது 1 ஆக இருந்த பிட்டுகள் மட்டுமே `mask` இல் 1 ஆக உள்ளன என்பதால், கண்ணில் பட்ட நிகழ்வுகள் மட்டுமே அழிகின்றன. 0 முதல் 10 வரையிலான முனைகளுக்கு 0 எழுதப்படுவதால் அவற்றின் நிகழ்வுகள் தீண்டப்படுவதில்லை. இரண்டு வரிகளுக்கும் நடுவே புதிதாக ஒரு முனையில் நிகழ்வு தோன்றினாலும், அதன் இடத்தில் 0 இருப்பதால் அது அழியாமல் காத்திருக்கிறது. அதன்பின் `mask` இல் உள்ள ஒவ்வொரு 1க்கும் உரிய கையாள்கை நடந்து முடிந்ததும் நிரல் மறுபடியும் `GEDR` ஐப் படிக்கிறது, புதியவை இருந்தால் அவற்றையும் அதே முறையில் எடுத்துக்கொள்கிறது. அழிப்பதைக் கையாள்கைக்குப் பின்னர் வைத்திருந்தால், கையாளப்படும் அதே முனையில் அந்த நேரத்துக்குள் நேரும் இரண்டாம் நிகழ்வு முதலாவதோடு சேர்ந்து அழிந்துவிடும். முன்னர் வைத்திருப்பதால் அது தன் பிட்டை மீண்டும் 1 ஆக்கிக்கொண்டு அடுத்த சுற்றில் கவனிக்கப்படுகிறது.